அம்மா கையில் ஆண்ட்ராய்டு, மகன் கையில் ஐபோன்

கேள்வி: பெற்றோருக்கு மாத்திரை நேரத்தை நினைவுபடுத்தும் ஆண்ட்ராய்டு ஆப் ஒன்றைத் தனியாளாக எழுதி, பிளே ஸ்டோரில் விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. கோட்லினில் எழுதியது, ரூம் டேட்டாபேஸ், சர்வர் கிடையாது. 6,000 பேர் இறக்கினார்கள், இப்போது 1,400 போன்களில் இருக்கிறது, ரேட்டிங் 4.1. ஐபோனுக்கு எப்போது என்று 40 பேர் மெயில் போட்டிருக்கிறார்கள். அதில் 29 பேர் "அம்மாவிடம் ஆண்ட்ராய்டு, எனக்கு ஐபோன், அம்மா மாத்திரை போட்டாரா என்று நான் பார்க்கணும்" என்கிற ரகம். இன்னொரு பக்கம் செய்யவேண்டியவை பட்டியலில் 23 வேலைகள் (டார்க் மோட், விட்ஜெட், அரை மாத்திரை, சில போன்களில் அலாரம் அடிக்காதது, வெளிநாடு போனால் நேரம் மாறுவது, பேக்கப்...). பகலில் வேறு வேலை, இரவில்தான் இதற்கு நேரம். இப்போதே ஐபோனுக்குப் போவதா, முதலில் இதைச் சரிசெய்வதா?

பதில்:

இப்போதே போகவேண்டாம். ஆனால் 23-ஐயும் முடித்துவிட்டுத்தான் போவேன் என்றும் உட்காராதீர்கள். நான்கு வேலையை மட்டும் முடியுங்கள். அப்புறம் ஐபோனுக்கு நீங்கள் முதலில் எழுதப்போவது, இப்போது இருக்கும் ஆப்பின் நகலாகவே இருக்காது என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 40 மெயில். "40 பேர் ஐபோன் கேட்கிறார்கள்" என்று எண்ணினால் தப்பாகிவிடும். 29 பேர் கேட்பது அலாரம் அடிக்கும் ஆப்பே இல்லை. அவர்களுடைய அம்மாவின் போனில் அலாரம் ஏற்கனவே அடிக்கிறது. அவர்களுக்குத் தெரியவேண்டியது ஒரே விஷயம்: காலை மாத்திரை போட்டாயிற்றா, இல்லையா? நீங்கள் ஆறு மாதம் உழைத்து இந்த ஆப்பை அப்படியே ஐபோனில் எழுதிக் கொடுத்தாலும், சர்வர் இல்லாத ஆப்பில் அவர்களுக்கு அது தெரியாது. மகன் தன் ஐபோனில் நிறுவித் திறந்து பார்ப்பார், காலியான மாத்திரைப் பட்டியல் ஒன்று இருக்கும், அழித்துவிடுவார். ஒரு நட்சத்திரமும் கொடுத்துவிட்டுப் போவார்.

மீதி 11 பேரில்தான் தானே மாத்திரை போடுகிற, தானே ஐபோன் வைத்திருக்கிற ஆட்கள் இருப்பார்கள். இந்தியாவில் பத்தில் ஒன்பது போனுக்கு மேல் ஆண்ட்ராய்டு என்பதால் இந்த எண்ணிக்கை சின்னதாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. உங்கள் மெயில் பெட்டியில் இது தலைகீழாக இருந்திருந்தால், அதாவது அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கிற சர்க்கரை நோயாளிகள் 29 பேர் தங்களுக்காகக் கேட்டிருந்தால், நான் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

இப்போது அலாரம். முழு ஆப்பையும் ஐபோனுக்குக் கொண்டுபோவதில் உங்களுக்கு இருக்கிற பெரிய சிக்கல் இதுதான். கடன் வாங்கி மேக் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளவேண்டியதும் இதுதான்.

ஆண்ட்ராய்டில் நீங்கள் அலாரம் வைக்கும்போது அந்த நேரத்தில் உங்கள் நிரல் எழுந்து ஓடுகிறது. ஓடும்போது அடுத்த அலாரத்தை வைத்துவிட்டுத் தூங்கப்போகிறது. ஐபோனில் வழக்கமான வழி அப்படி இல்லை. நோட்டிபிகேஷனை முன்கூட்டியே சிஸ்டத்திடம் எழுதிக் கொடுத்துவிடவேண்டும். நேரம் வந்ததும் அதைக் காட்டுவது சிஸ்டம். உங்கள் நிரல் அப்போது ஓடாது, பயனர் அதைத் தொட்டால்தான் எழும். இப்படி எழுதிக் கொடுத்து வரிசையில் காத்திருக்கக்கூடியவை ஒரு ஆப்புக்கு 64 மட்டுமே. அதற்குமேல் கொடுத்தால் சீக்கிரம் வரவேண்டிய 64-ஐ வைத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் கழித்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

64 நிறையத்தானே என்று தோன்றும். தினமும் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப வருவதை ஒரே ஒரு பதிவாகக் கொடுக்கலாம், அது 64-இல் ஒன்றாகத்தான் கணக்கு. வெறும் "தினமும் 8 மணி" ஆப் என்றால் பிரச்சினையே இல்லை. ஆனால் இந்த மாதிரி ஆப்களின் உயிரே "போட்டாச்சு என்று அழுத்தும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இன்னும் மூன்று தடவை கூப்பிடுவது"தான். உங்களுடையதிலும் அது இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அம்மா 8:05-க்கு அழுத்திவிட்டால் இன்றைய 8:10, 8:20, 8:30 மட்டும் நிற்கவேண்டும், நாளைக்கு மறுபடி வரவேண்டும். தினமும் திரும்பும் பதிவில் இன்றையதை மட்டும் நிறுத்த வழியில்லை. நிறுத்தினால் மொத்தமும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கவேண்டிவரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்க்கரை, பிரஷர், தைராய்டு மூன்றும் உள்ள ஒருவருக்கு நாளைக்கு ஐந்து வேளை. ஒவ்வொன்றுக்கும் முதல் அழைப்பு ஒன்று, தொடர் அழைப்பு மூன்று. ஆக நாளுக்கு 20. திங்கட்கிழமை அதிகாலை ஆப்பைத் திறந்தால் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளுக்கு 60 போய்விடும். மீதி நான்கு, வியாழன் முதல் வேளைக்கு. வியாழன் இரண்டாம் வேளையிலிருந்து போன் ஊமை. நோட்டிபிகேஷனில் "போட்டாச்சு" பட்டனை அழுத்தினால் ஆப் சில விநாடி பின்னணியில் எழும், அப்போது வரிசையை நிரப்பிக்கொள்ளலாம். சரி, ஆனால் மூன்று நாள் எந்தப் பட்டனையும் அழுத்தாதவர் யார்? மறந்துபோகிறவர். எவருக்காக ஆப் எழுதினோமோ அவருக்குத்தான் அது அடங்கிப்போகிறது. பின்னணிப் பணி ஒன்றை வைத்து நிரப்பலாமே என்றால், அதை எப்போது ஓடவிடுவது என்பது ஐபோனின் விருப்பம். திறக்கப்படாமலே கிடக்கிற ஆப்புக்கு அது அதிகம் இரங்குவதில்லை.

இதற்கு மேல், நோட்டிபிகேஷனுக்கு நீங்கள் வைக்கும் ஒலி 30 விநாடிக்கு மேல் போகக்கூடாது. பக்கவாட்டில் சைலண்ட் போட்டிருந்தால் அதுவும் கேட்காது. ஐஓஎஸ் 26-இல் அலாரம்கிட் என்று ஒன்று வந்திருக்கிறது: பயனர் அனுமதி கொடுத்தால் சைலண்டையும் ஃபோகஸையும் தாண்டி உண்மையான அலாரமாகவே அடிக்கும். நல்ல செய்தி. ஆனால் ஐஓஎஸ் 26 ஐபோன் 11-இலிருந்துதான் ஏறும். நம் வீடுகளில் அம்மா, அப்பா கையில் இருக்கிற ஐபோன் பெரும்பாலும் பிள்ளைகள் மாற்றிவிட்டுக் கொடுத்த பழசு. ஒரு எக்ஸ்ஆராக இருந்தால் அவ்வளவுதான்.

இதையெல்லாம் என் பேச்சை நம்பி ஏற்கவேண்டாம். நண்பரிடம் ஒரு மேக்கை இரண்டு வார இறுதிக்குக் கடன் வாங்குங்கள். மாத்திரைப் பட்டியல், அழகான திரை எதுவும் வேண்டாம்; ஒரே பட்டன், ஐந்து வேளை, தொடர் அழைப்பு, அவ்வளவுதான். கேபிள் வழியாக உங்கள் கையில் இருக்கிற ஐபோனில் போட்டுப் பார்க்க, ஆப்பிள் டெவலப்பர் கணக்குக்கான 99 டாலர் கட்டவேண்டியதில்லை, இலவசக் கணக்கே போதும். ஆனால் அப்படிப் போட்ட ஆப் ஏழு நாளில் காலாவதியாகும், மறுபடி ஏற்றவேண்டும். கணினிக்குள் ஓடும் சிமுலேட்டரை நம்பாதீர்கள், நிஜ போன் வேண்டும். அதைச் சைலண்டில் போட்டு மேசையில் வைத்துவிட்டு நான்கு நாள் தொடாமல் இருந்தால் மேலே சொன்னது கண்ணெதிரே நடக்கும்.

இனி அந்த 23 வேலை. எது முக்கியம், எது எளிது என்று வரிசைப்படுத்துவதுதான் எல்லோரும் செய்வது. இரண்டாவது மேடைக்குப் போகப்போகிறவர் வேறு கேள்வி கேட்கவேண்டும்: இதை ஐபோனுக்கு முன்னால் செய்தால் என்ன செலவு, பின்னால் செய்தால் என்ன செலவு?

டார்க் மோடை எடுங்கள். இப்போது செய்தாலும் ஐபோனில் மறுபடி செய்யவேண்டும், அப்புறம் செய்தாலும் இரண்டு இடத்திலும் செய்யவேண்டும். இரண்டு வேலைதான், வரிசை மாறினால் கூடுவதுமில்லை குறைவதுமில்லை. விட்ஜெட்டும் அப்படியே. இவை ஐபோனைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. ஆனால் டேட்டாபேஸில் ஒரு மாத்திரை எப்படி எழுதிவைக்கப்பட்டிருக்கிறது என்பது அப்படி இல்லை. அதை முன்னால் மாற்றினால் ஒரே இடத்தில் ஒரே தடவை. பின்னால் மாற்றினால் இரண்டு நிரல், இரண்டு பக்கமும் ஏற்கனவே ஆட்களின் உண்மையான மருந்து விவரம், பழைய பதிப்பில் இருக்கிற அம்மா போனும் புதிய பதிப்பில் இருக்கிற மகன் போனும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் நிலை. இரண்டு மடங்கில் நிற்காது.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. வண்டி இன்சூரன்ஸ், எஃப்சி, பொல்யூஷன் சர்டிபிகேட் தேதிகளை நினைவூட்டும் சின்ன ஆப் ஒன்று வைத்திருந்தேன். ஒரு வண்டிக்கு ஒரு தேதி என்று டேபிளைக் கட்டியிருந்தேன், அதையே ஸ்விஃப்டிலும் எழுதினேன். ஐபோனில் வந்த முதல் வாரமே டிராவல்ஸ் வைத்திருப்பவர் ஒருவர் "ஒரு வண்டிக்கு நாலு தேதி வேணும் சார்" என்றார். ஆண்ட்ராய்டில் தெரிந்தே தள்ளிப்போட்டு வைத்திருந்த வேலைதான் அது. ஒரு மாதத்தில் முடிந்திருக்கவேண்டியது, இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு மாதம் தின்றது. அந்த நான்கு மாதம் ஆண்ட்ராய்டில் ஒரு திருத்தமும் போகவில்லை, ரேட்டிங் இறங்கியது அந்தப் பக்கம்தான்.

உங்கள் பட்டியலில் இந்த வகையில் எனக்குத் தெரிவது இரண்டு: அரை மாத்திரை, வெளிநாட்டு நேரம்.

அரை மாத்திரை என்பது திரையில் ஒரு பட்டன் சேர்க்கிற வேலை போலத் தெரியும். எண்ணிக்கையை முழு எண்ணாக வைத்திருப்பீர்கள், அதனால்தான் ஆட்கள் பெயர் கட்டத்தில் "தைராய்டு அரை" என்று எழுதிக்கொள்கிறார்கள். கால் மாத்திரையும் உண்டு. தசமமாக மாற்றாதீர்கள், 0.5-உம் 0.25-உம் சரியாக நிற்கும், ஆனால் 0.1, 0.2 மாதிரி ஒன்று உள்ளே வந்துவிட்டால் கூட்டும்போது 0.30000000000000004 என்று எட்டிப்பார்க்கும். கால் மாத்திரையை ஒரு அலகாக வைத்து முழு எண்ணாகவே சேமியுங்கள்: முழு மாத்திரை 4, அரை 2, கால் 1. பின்னால் ஒரு அட்டையில் எத்தனை மிச்சம் என்று காட்டவேண்டும் என்றாலும் இதே கணக்கு ஓடும்.

நேரம் இன்னும் ஆபத்தானது. முதல் வேளையை மில்லிவிநாடியாகச் சேமித்து, ஒவ்வொரு நாளும் 24 மணி நேரம் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்பது உங்கள் புகாரிலிருந்தே தெரிகிறது. கோயம்புத்தூரில் காலை 8 மணிக்கு வைத்த மாத்திரை, அம்மா டிசம்பரில் மகனைப் பார்க்க நியூ ஜெர்சி போனால் முந்தைய இரவு 9:30-க்கு அடிக்கும். சாப்பாட்டுக்கு முன் போடவேண்டிய சர்க்கரை மாத்திரைக்குத் தூங்கப்போகிற நேரத்தில் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. "08:00" என்று சுவர்க் கடிகார நேரத்தையே எழுத்தாக வையுங்கள். எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் மண்டலத்தை வைத்து அலாரம் போடும் நொடியில் கணக்கிடுங்கள். (சில மருந்துக்கு இடைவெளிதான் முக்கியம், கடிகார நேரம் இல்லை. மண்டலம் மாறியதும் ஒரு திரை காட்டி, டாக்டரிடம் கேட்டு உறுதிசெய்யச் சொல்லுங்கள், ஆப் தானாக முடிவெடுக்கவேண்டாம்.)

இந்த மாற்றத்தில் ஒரு பொறி இருக்கிறது. பழைய மில்லிவிநாடியை "08:00" ஆக்கும் வரியில் `'localtime'` போட்டுவிடத் தோன்றும். அப்டேட் இறங்குகிற நாளில் அம்மா நியூ ஜெர்சியில் இருந்தால் அது 21:30 என்று நிரந்தரமாக எழுதிவிடும். பெரும்பாலானோர் இந்தியாவில் இருந்தபோது பதிந்தவர்கள் என்பதால் இந்திய நேரத்தையே எடுத்துக்கொண்டு:

```sql
UPDATE plan SET localTime =
  strftime('%H:%M', timeMillis / 1000, 'unixepoch', '+330 minutes');
```

அப்டேட்டுக்குப் பிறகு முதல்முறை திறக்கும்போது எல்லா நேரத்தையும் ஒரே திரையில் காட்டி "இது சரியா?" என்று கேளுங்கள். அழுத்தும்வரை பழைய அலாரங்களை நீக்காதீர்கள்.

மூன்றாவது வேலை, சில போன்களில் அலாரம் அடிக்காதது. இது ஆண்ட்ராய்டுக்கு மட்டுமான நோய், ஐபோனுக்கு இது வராது. இருந்தும் முன்னால் செய்யச் சொல்கிறேன், ஏனென்றால் மகனிடம் "அம்மா மாத்திரை போடவில்லை" என்று காட்டப்போகிறீர்கள். அலாரமே அடிக்காமல் அப்படிக் காட்டினால் வீட்டில் சண்டை.

காரணம் ஒன்று மட்டும் இல்லை. ஆண்ட்ராய்டு 14-இலிருந்து புதிதாக நிறுவும் ஆப்களுக்கு `SCHEDULE_EXACT_ALARM` அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. `canScheduleExactAlarms()` பொய் என்று வந்தால் பயனரைச் செட்டிங்ஸுக்கு அனுப்பி வாங்கவேண்டும். `USE_EXACT_ALARM` தானாகக் கிடைக்கும், ஆனால் பிளே ஸ்டோர் அதை அலாரம், டைமர், காலண்டர் ஆப்களுக்கு என்று வைத்திருக்கிறது. போனை அணைத்துப் போட்டால் அலாரங்கள் எல்லாம் அழிந்துபோகும். `BOOT_COMPLETED` வந்ததும் திரும்ப வைக்கவேண்டும். அப்புறம் பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆப்பையே முடக்கிப்போடும் போன்கள். எந்தக் காரணம் எத்தனை பேருக்கு என்று ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் அடிக்கவேண்டிய நேரம், அடித்த நேரம் இரண்டையும் எழுதிவையுங்கள். வித்தியாசம் பத்து, பதினைந்து நிமிடம் என்றால் துல்லிய அலாரம் அனுமதி இல்லை என்று சந்தேகிக்கலாம். அடித்த நேரமே காலியாக இருந்து, அடுத்தமுறை ஆப் திறந்தபிறகுதான் உயிர் வருகிறது என்றால் போன் முடக்கியிருக்கிறது. போன் அணைந்து எழுந்த நேரத்திலிருந்துதான் காலி என்றால், அலாரங்கள் அழிந்துபோனதுதான் காரணம்.

இந்த அளவு கையில் இருந்தால் இன்னொரு குழப்பமும் தீரும். 6,000-இல் 1,400 மிச்சம் என்பது நல்லதா கெட்டதா என்று இப்போது யாராலும் சொல்லமுடியாது. ஐந்து நாள் ஆன்டிபயாடிக்குக்கு நிறுவியவர் ஆறாம் நாள் அழிப்பது தோல்வி இல்லை. முடிவுத் தேதி இல்லாத மாத்திரை பதிந்தவர்களை மட்டும் தனியே பிரித்துப் பாருங்கள். அவர்கள் மூன்றாம் வாரம் விட்டுப்போகிறார்கள் என்றால் ஐபோன் பற்றிப் பேசவே வேண்டாம், ஓட்டைப் பானையை இரண்டாகச் செய்வதில் அர்த்தமில்லை. அவர்கள் நிற்கிறார்கள் என்றால் மேலே போகலாம்.

நான்காவது வேலைதான் அந்த 29 பேருக்கானது. அம்மா போனிலிருந்து "போட்டாச்சு" என்ற செய்தி சர்வருக்குப் போகவேண்டும். பட்டியலில் பேக்கப் என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் இதையும் ஒன்றாகவே கட்டிவிடலாம். ஃபயர்ஸ்டோர் மாதிரி ஒன்று போதும், சொந்தச் சர்வர் வேண்டாம். வேளைக்கு ஒரு வரி. அதில் போனிலேயே உண்டாக்கிய அடையாள எண், திட்டமிட்ட நேரம், மண்டலம், அழுத்திய நேரம். `taken = true` என்று ஒரே கட்டத்தை மாற்றி மாற்றி எழுதாமல், நடந்ததை ஒவ்வொரு வரியாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். அம்மா நெட் இல்லாமல் அழுத்தியதும், பின்னால் "இல்லை, தப்பாக அழுத்திவிட்டேன்" என்று திருத்தியதும் வரிசை மாறி வந்து சேர்ந்தாலும் கலங்காது.

மகனுக்கு இப்போது ஐபோன் ஆப் எழுதாதீர்கள். ஒரு வலைப்பக்கம் போதும். அம்மா போனில் "குடும்பத்தைச் சேர்" என்று அழுத்தினால் ஒரு லிங்க், அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். மகன் சஃபாரியில் திறந்தால் இன்றைய ஐந்து வேளை தெரியும். அம்மா நினைத்தால் அந்த லிங்க்கை நிறுத்தவும் முடியவேண்டும், அது அவருடைய உடம்பு விவரம். ஐஓஎஸ் 16.4-க்குப் பிறகு அந்தப் பக்கத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்தால் புஷ் நோட்டிபிகேஷனும் அனுப்பமுடியும், ஆனால் அந்த வேலையை எல்லோரும் செய்யமாட்டார்கள். முதல் மாதம் வெறும் பக்கமே இருக்கட்டும்.

இந்தப் பக்கத்தைச் செய்யும்போது, பேப்பரில் தெரியாத ஒன்று கட்டாயம் மேலே வரும். 8 மணி மாத்திரை, மணி 9:15, செய்தி இல்லை. அம்மா போடவில்லையா, அல்லது நெட் இல்லையா? இரண்டு நிலை வைத்துக்கொண்டு சிவப்பு காட்டினால், டேட்டா தீர்ந்துபோன ஒவ்வொரு காலையும் பெங்களூரிலிருந்து பதறி ஒரு போன் வரும். நான்காவது நாள் அம்மாவே ஆப்பை அழித்துவிடுவார். ஆக மூன்று நிலை வேண்டும்: போட்டாச்சு, போடவில்லை, தெரியவில்லை. போன் கடைசியாக எப்போது சர்வரோடு பேசியது என்பதை வைத்து இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிக்கலாம். "8:40 வரை போன் தொடர்பில் இருந்தது, பட்டன் அழுத்தவில்லை" என்பது ஒரு செய்தி. "நேற்று இரவிலிருந்து அம்மா போனிலிருந்து தகவல் இல்லை" என்பது வேறு செய்தி. இந்த வாசகங்களைச் சரியாகப் பிடிக்க நான்கைந்து தடவை மாற்றவேண்டியிருக்கும். வலைப்பக்கத்தில் அது பத்து நிமிட வேலை. ஆப் ஸ்டோரில் ஒவ்வொரு தடவையும் ரிவியூவுக்குக் காத்திருக்கவேண்டும்.

அந்த 29 பேருக்கும் லிங்க் வசதி வந்துவிட்டது என்று பதில் மெயில் போடுங்கள். முதல் வாரம் எல்லோரும் திறப்பார்கள், அதை எண்ணாதீர்கள். மூன்றாவது வாரத்தில் எத்தனை பேர் வாரத்துக்கு நான்கு நாளாவது திறக்கிறார்கள் என்று பாருங்கள். பத்துப் பேருக்கு மேல் இருந்தால் ஐபோன் ஆப் எழுதுங்கள் என்பேன். மூன்று பேர் என்றால் வலைப்பக்கமே போதும், நீங்கள் பட்டியலுக்குத் திரும்பலாம். இந்த எண் என் அனுபவக் கணிப்புதான், சாத்திரம் இல்லை.

பத்துப் பேர் நின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது எழுதவேண்டியது பார்க்கிறவருக்கான ஆப். அதில் அலாரம் இல்லை, ஆகவே 64 தொல்லையும் இல்லை. ஒரு வேளை தவறினால் சர்வரிலிருந்து புஷ் வரும். கூடவே அம்மாவைக் கூப்பிட ஒரு பட்டன், லாக் ஸ்கிரீனில் இன்றைய நிலை காட்டும் விட்ஜெட். கடைசி இரண்டையும் சும்மா அலங்காரத்துக்குச் சொல்லவில்லை: வலைப்பக்கத்தையே உள்ளே வைத்துச் சுற்றி அனுப்பினால் ஆப் ஸ்டோர் விதி 4.2-இன்படி "இது வலைத்தளம்தானே" என்று திருப்பிவிடுவார்கள். கணக்கு உண்டாக்கச் சொன்னால் அதை ஆப்புக்குள்ளேயே அழிக்கவும் வழி வைக்கவேண்டும். கூகுள் லாகின் மட்டும் வைத்தாலும் திருப்புவார்கள், கூட ஆப்பிள் லாகின் மாதிரி ஒன்று கேட்பார்கள். லாகினே இல்லாமல் அம்மா போனில் தெரியும் ஆறு இலக்க எண்ணைப் போட்டு இணைப்பது இரண்டு தலைவலிக்கும் சேர்த்து மருந்து. ஆனால் ரிவியூ செய்பவரிடம் அம்மா போன் இருக்காது. எப்போதும் வேலை செய்யும் ஒரு மாதிரி எண்ணைக் குறிப்பில் கொடுத்துவிடுங்கள். விவரணையில் "ஆண்ட்ராய்டு" என்று எழுதாமல் "பெற்றோரின் போனில் உள்ள ஆப்" என்று எழுதுங்கள், மற்ற மேடைகளின் பெயரைச் சொல்வது அங்கே ஆகாது.

அம்மாவே ஐபோன் வைத்திருக்கும் அந்தச் சில பேருக்கான முழு ஆப் இதற்குப் பிறகு. அதற்குள் ஐஓஎஸ் 26 இன்னும் பல போன்களில் ஏறியிருக்கும், அலாரம்கிட்டை நம்பி எழுதலாம். அப்போது கோட்லின் மல்டிபிளாட்பார்ம் உங்களுக்கு உதவும். ரூம் 2.7-இலிருந்து ஐஓஎஸ்ஸிலும் ஓடுகிறது, ஆகவே டேபிள்களையும் "அடுத்த வேளை எப்போது" என்ற கணக்கையும் அப்படியே பகிர்ந்துகொண்டு, திரையையும் அலாரத்தையும் மட்டும் ஸ்விஃப்டில் எழுதலாம். அதற்கு இப்போதே செய்யக்கூடியது ஒன்று: அந்தக் கணக்குப் போடும் கோப்புகளில் ஆண்ட்ராய்டு வாடை எவ்வளவு என்று பாருங்கள். `schedule` என்பது உங்கள் கோப்புறையின் பெயராக இருந்தால்:

```
grep -rnE "import (android|androidx|java)\." app/src/main/java/*/*/*/schedule
```

`androidx.room` மட்டும் வருகிறவற்றை விட்டுவிட்டால், இதில் வருகிற கோப்பெல்லாம் அப்புறம் கை வைக்கவேண்டியவை. `java.time` நிறைய வரும், அதை `kotlinx-datetime`-க்கு மாற்றவேண்டும். நேரத்தைச் சுவர்க் கடிகாரமாக மாற்றும்போதே இதையும் சேர்த்துச் செய்துவிட்டால் ஒரே கோப்பை இரண்டு முறை திறக்கவேண்டாம்.

கால அளவு கேட்பீர்கள். வாரத்துக்கு எட்டு, பத்து மணி நேரம் கிடைக்கிறது என்றால் அரை மாத்திரையும் நேரமும் மூன்று வாரம், அலாரம் அளப்பதும் திருத்துவதும் மூன்று வாரம், சர்வரும் வலைப்பக்கமும் ஐந்து வாரம், பார்த்துக்கொண்டிருப்பது நான்கு வாரம். பார்த்துக்கொண்டிருக்கும் வாரங்களில் டார்க் மோடைச் செய்துகொள்ளுங்கள், நானும் அதைத்தான் கேட்பேன்.

மேக் வாங்குவதும் ஆண்டுக்கு 99 டாலர் கட்டுவதும் அந்த நான்கு வாரம் முடிந்தபிறகு போதும். தனிநபராகச் சேர்ந்தால் ஆப் ஸ்டோரில் விற்பவர் பெயராக உங்கள் சட்டப்படியான பெயர்தான் வரும். நிறுவனப் பெயர் வேண்டுமென்றால் டன்ஸ் எண் என்கிற நிறுவன அடையாள எண் வாங்கவேண்டும், அதற்கு நாளாகும். பத்துப் பேருக்கும் முதலில், சோதனைப் பதிப்பைக் கொடுக்க ஆப்பிள் வைத்திருக்கும் டெஸ்ட்ஃபிளைட்டில் கொடுங்கள். ஆனால் அதில் ஒரு பில்ட் 90 நாள்தான் திறக்கும் என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நீங்கள் புதியது ஏற்ற மறந்தால் 91-ஆம் நாள் காலை பத்து மகன்களுக்கும் அம்மாவைப் பற்றி ஒன்றும் தெரியாது.